கோடில்லாத ஸ்டேட்மென்டில் பத்தி பிரிப்பது எப்படி?

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நேரத்தில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து தவறாமல் வரும் கோரிக்கை, "பேங்க் ஸ்டேட்மென்டை எக்செல்ல அனுப்புங்க" என்பது. நம் கையில் இருப்பதோ பிடிஎஃப். அதைத் திறந்து முழுவதையும் நகலெடுத்து எக்செல்லில் ஒட்டிப் பார்த்தால், பெரும்பாலும் தேதியும் விவரமும் தொகையும் இருப்பும் ஒரே கட்டத்துக்குள் வந்து குவிந்துவிடும். 10,000 ரூபாய் என்ற எண் வந்திருக்கும். அது கணக்கிலிருந்து போன பணமா, கணக்குக்கு வந்த பணமா என்பது மட்டும் தெரியாது. பல ஸ்டேட்மென்டுகளில் அதைச் சொல்வது எண் நின்ற இடம்தான். ஒட்டும்போது தொலைவது அந்த இடம்.

நாம் திரையில் பார்க்கும் அட்டவணை, பெரும்பாலான ஸ்டேட்மென்டுகளில் கோப்புக்குள் அட்டவணையாக இருப்பதில்லை. இந்த எழுத்தைத் தாளில் இந்த இடத்தில் வை என்ற கட்டளைகள்தான் உள்ளே இருக்கின்றன. இடத்தை அளக்கும் அலகு புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. ஏ4 தாள் 595 புள்ளி அகலம், 842 புள்ளி உயரம். கட்டம் போட்ட அட்டவணை என்றால் அந்தக் கோடுகளும் கோப்பில் பதிவாகியிருக்கும், மென்பொருள் அவற்றைப் பின்பற்றிப் பத்திகளைப் பிரித்துவிடும். கோடே இல்லாதபோது எழுத்துகள் எந்த நேரில் வரிசையாக நிற்கின்றன என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நம் கண் செய்வதும் அதுவே.

இதைக் கணினிக்கு ஒரு முறையாக எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆன்சி நுர்மினன். பின்லாந்தின் தாம்பரே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2013இல் அவர் அளித்த முதுகலை ஆய்வேடு, சொற்களின் இடது விளிம்பு, வலது விளிம்பு, நடுப்புள்ளி ஆகியவை பல வரிகளில் ஒரே நேரில் அமைகின்றனவா என்று தேடச் சொன்னது. அப்படி அமைந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு அங்கே இருப்பதாகக் கொள்ளலாம். இன்று பலரும் பயன்படுத்தும் `pdfplumber`, `Camelot` என்ற இலவச பைதான் கருவிகள் இரண்டும் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டவை.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சேமிப்புக் கணக்கில் ஆரம்ப இருப்பு 42,350.00. அடுத்து ஐந்து பரிவர்த்தனைகள்: 1,250.00, 38,000.00, 2,340.50, 10,000.00, 312.00. ஸ்டேட்மென்ட் 8 புள்ளி அளவு எழுத்தில் அச்சாகியிருக்கிறது. கருவியைக் கொண்டு ஒவ்வொரு தொகையின் இடது விளிம்பையும் (`x0`) வலது விளிம்பையும் (`x1`) எடுத்தால் இப்படி வரும்:

```
text         x0      x1
1,250.00     364.9   396.0
38,000.00    442.4   478.0
2,340.50     364.9   396.0
10,000.00    360.4   396.0
312.00       453.5   478.0
```

இடது விளிம்புகளைப் பாருங்கள், தொகையின் நீளத்துக்கேற்ப நகர்ந்துகொண்டே இருக்கின்றன. வலது விளிம்புகளோ 396, 478 என்ற இரண்டே இடங்களில் நிற்கின்றன. பைசா புள்ளிக்கு நேராகப் பைசா புள்ளி வர வேண்டும் என்பதற்காகத் தொகைகளைப் பெரும்பாலும் வலப்பக்கம் ஒட்டியே அச்சிடுகிறார்கள். ஆகவே தொகைப் பத்திகளுக்கு வலது விளிம்பு, தேதிக்கும் விவரத்துக்கும் இடது விளிம்பு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இங்கே 396இல் முடிபவை பற்று, 478இல் முடிபவை வரவு. இருப்புப் பத்தி 560இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

தலைப்புச் சொற்களை நம்பிப் பத்தி பிரிப்பது பலரும் முதலில் செய்வது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தலைப்பு பத்தியின் நடுவில் நிற்கலாம், இடப்பக்கம் ஒட்டியும் நிற்கலாம், அடியில் உள்ள எண்களோடு அதற்குச் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. எண்களை அளந்துவிட்டு, எந்தப் பத்தி பற்று, எந்தப் பத்தி வரவு என்று பெயர் வைக்க மட்டும் தலைப்பைப் பார்த்தால் போதும்.

சரி, எல்லா விளிம்புகளையும் கருவியே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? விவரப் பத்தி அதைக் கெடுத்துவிடும். வரிக்கு வரி ஒரே சொல்லில் விவரம் தொடங்கினால், அடுத்த சொல்லும் எல்லா வரிகளிலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். கருவி அதையும் ஒரு பத்தி என்று எண்ணி விவரத்தை இரண்டாக அறுத்துவிடும். `pdfplumber` வழக்கமான அமைப்பில் மூன்று சொற்கள் ஒரே நேரில் நின்றாலே அங்கே கோடு இருப்பதாகக் கொள்ளும். ஒரு பக்கத்தில் முப்பது வரிகள் இருந்தால் தற்செயலாக மூன்று சொற்கள் நேராக நிற்பது சாதாரணம். அதனால் விளிம்புகளை ஒருமுறை அளந்துகொண்டு, கோடுகளை நாமே கொடுத்துவிடுவது நல்லது:

```python
rows = page.extract_table({
    "vertical_strategy": "explicit",
    "explicit_vertical_lines":
        [36, 96, 340, 398, 480, 562],
    "horizontal_strategy": "text",
})
```

தொகைப் பத்திகளின் வலது விளிம்புக்கு இரண்டு புள்ளி தள்ளி, 398, 480, 562 என்று கோடு விழுகிறது. 340 மட்டும் வேறு வகையில் வந்தது. இந்த ஸ்டேட்மென்டில் விவரத்தின் மிக நீண்ட வரி 318இல் முடிகிறது, 1,00,000.00 என்ற எண் பற்றுப் பத்தியில் வந்தால் ஏறக்குறைய 354இல் தொடங்கும். இடையே உள்ள வெற்றிடத்தில் கோட்டைப் போட்டிருக்கிறோம். ஒரே வங்கியின் ஒரே வகை ஸ்டேட்மென்டுக்கு, அவர்கள் வடிவத்தை மாற்றாதவரை, இதே எண்கள் அடுத்த மாதமும் செல்லும்.

அடுத்த சிக்கல், விவரம் இரண்டு மூன்று வரிகளுக்கு நீள்வது. தேதி இல்லாத வரியை மேலே உள்ள பரிவர்த்தனையோடு சேர்த்துவிடு என்பது வழக்கமான தீர்வு. சில ஸ்டேட்மென்டுகளில் தேதியும் தொகையும் மூன்று வரி விவரத்தின் நடு வரிக்கு நேராக நிற்கும். அங்கே இந்த விதியைப் போட்டால் ஒவ்வொரு விவரத்தின் முதல் வரியும் முந்தைய பரிவர்த்தனையோடு ஒட்டிக்கொள்ளும். தொகை சரியாக இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படுவதும் இல்லை. வரிகளுக்கு இடையே உள்ள உயரத்தை அளந்தால் தெரிந்துவிடும். ஒரே விவரத்தின் வரிகள் நெருக்கமாகவும், இரண்டு பரிவர்த்தனைகள் சற்று விலகியும் இருக்கும்.

ஸ்கேன் செய்த தாள் என்றால் கதையே வேறு. அதில் எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. எழுத்துணரி மென்பொருளில் போட்டு எழுத்தை எடுக்க வேண்டும். தாள் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால்கூட, மேலிருந்து கீழே வருவதற்குள் பத்தி 15 புள்ளி அளவுக்கு நகர்ந்துவிடும். இரண்டு புள்ளி இடைவெளியில் போட்ட நம் கோடுகள் அதைத் தாங்காது. முதலில் படத்தை நிமிர்த்த வேண்டும்.

பிரித்தது சரிதானா என்று பார்க்க வங்கி ஸ்டேட்மென்டே ஒரு வழி வைத்திருக்கிறது: முந்தைய இருப்பில் பற்றைக் கழித்து, வரவைக் கூட்டினால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். நம் கணக்கில் 42,350.00இல் 1,250.00 போக 41,100.00. 38,000.00 சேர்ந்து 79,100.00. 2,340.50 போக 76,759.50. அடுத்த 10,000.00 தவறி வரவுப் பத்தியில் விழுந்திருந்தால் கணக்கு 86,759.50 என்று காட்டும். தாளில் இருப்பது 66,759.50. வித்தியாசம் 20,000, அதாவது தொகையைப் போல் சரியாக இரண்டு மடங்கு. வித்தியாசம் இரண்டு மடங்காக வந்தால் தொகை பத்தி மாறியிருக்கிறது என்று பொருள். தொகை அளவுக்கே வந்தால், பெரும்பாலும் ஒரு வரி விடுபட்டிருக்கும் அல்லது தொகை விவரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கம் மாறும் இடங்களில் முதலில் தேடுங்கள்.

எக்செல்லில் ஒரு பத்தியைச் சேர்த்து இந்தக் கழித்தல் கூட்டலை எல்லா வரிகளுக்கும் போட்டுப் பார்க்காமல் கோப்பை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டாம். அந்தச் சோதனை தொகைகளுக்கு மட்டும்தான் பொறுப்பு. தேதியும் விவரமும் இடம் மாறியிருந்தால் இருப்பில் தெரியாது. அவற்றைப் பக்கத்துக்குச் சில வரிகளாவது பிடிஎஃப்போடு வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள்.