மூன்று நிமிட வரவேற்பு

பிப்ரவரி, மார்ச் மாலைகளில் தமிழ்நாட்டின் எந்த ஊர் வழியாகப் போனாலும் ஏதாவது ஒரு பள்ளி வளாகத்திலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கும். ஆண்டு விழா. அழைப்பிதழ்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் அச்சாகின்றன: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, சிறப்புரை, பரிசளிப்பு, கலை நிகழ்ச்சிகள், நன்றியுரை, நாட்டுப்பண்.

இதில் முதலாவதற்கும் கடைசிக்கும் கால அளவு உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, அதை 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று தமிழக அரசு வரையறுத்தது. நாட்டுப்பண்ணை முழுமையாகப் பாட ஏறக்குறைய 52 வினாடிகள். இடையில் வரும் வரவேற்புரைக்கு மட்டும் யாரும் அளவு வைப்பதில்லை. மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய உரை பல பள்ளிகளில் கால் மணி நேரத்தைத் தொட்டுவிடுவது இதனால்தான்.

அந்தக் கால் மணி நேரத்தில் மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் நடனத்துக்கான குழந்தைகள் நான்கு மணிக்கே உடை மாற்றி நிற்கிறார்கள். வாடகைக்கு எடுத்த பட்டுப் பாவாடையை இடுப்பில் ஊக்கு குத்தி நிறுத்தியிருக்கிறார்கள். கழற்றினால் திரும்பக் கட்ட ஆளில்லை என்பதால் கழிப்பறைக்குக்கூட அனுப்பத் தயங்குகிறார் வகுப்பாசிரியை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண் மை வழிந்து கன்னத்துக்கு வந்துவிடுகிறது. மேடைக்கு எதிரே கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அம்மாக்கள் காத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். வரவேற்புரை எழுதுகிறவர் மனதில் முதலில் வர வேண்டியவர்கள் இவர்கள்தான்.

உரை நீளமாவதற்குக் காரணம் பேச்சாளரின் ஆர்வம் அல்ல, பெயர்ப் பட்டியல். கணக்குப் போட்டால் புரிந்துவிடும். மேடையில் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். “எங்கள் பள்ளியின் வளர்ச்சியில் என்றும் அக்கறை கொண்ட, பெருமதிப்பிற்குரிய” என்று தொடங்கி, “வருக வருக என இருகரம் கூப்பி வரவேற்கிறேன்” என்று முடிக்க ஒருவருக்குப் பத்து வினாடிக்கு மேல் ஆகிறது. உடனே ஓர் ஆசிரியர் பொன்னாடையுடன் வருகிறார். விருந்தினர் எழுந்து நிற்கிறார், புகைப்படக்காரர் “சார், இந்தப் பக்கம்” என்கிறார், கைத்தட்டல். ஆளுக்கு முக்கால் நிமிடம் என்று குறைத்துப் பிடித்தாலும் 12 பேருக்கு ஒன்பது நிமிடம். பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றி இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குள் கூட்டத்தில் சலசலப்பு தொடங்கிவிடும். கடைசி வரியில் அவசரமாக “பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே” என்று சேர்த்துவிட்டு உரை முடியும்.

மேடையில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லாமல் விடவும் முடியாது. ஊராட்சிப் பிரமுகரோ, வட்டாரக் கல்வி அலுவலரோ, முன்னாள் மாணவர் சங்கத்தாரோ, தங்கள் பெயர் விடுபட்டால் வருந்துவது இயல்பு. அந்த வருத்தம் அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரும் உதவியையும் பாதிக்கும். அதனால் பெயர்களை வெட்டுவதைவிட அவற்றோடு ஒட்டியிருப்பதைப் பிரிப்பதே நல்ல வழி. பொன்னாடையை வரவேற்புரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். சிறப்பு விருந்தினருக்கு அவர் பேச எழும்போது அணிவிக்கலாம். மற்றவர்களுக்குப் பரிசளிப்பின்போது ஒரு புத்தகம் தரலாம். அடைமொழிகளுக்குப் பதிலாக, அவர் இந்தப் பள்ளிக்கு யார் என்பதை ஒரே சொற்றொடரில் சொல்லலாம். ஆண்டறிக்கையில் தலைமையாசிரியர் சொல்லப்போகும் தேர்ச்சி விகிதத்தையும் கட்டட வேலையையும் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. நன்றியுரைக்கு உரிய நன்றிகளையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

மேடையில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் தனி இடம் கொடுக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இயங்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் குழுவின் தலைவரும் ஒரு பெற்றோர்தான். பல ஊர்களில் அந்தத் தலைவி ஒரு கூலித் தொழிலாளி. நாற்காலியின் நுனியில், கூச்சத்தோடு, கடைசி ஆளாக உட்கார்ந்திருப்பார். பட்டியலிலும் அவர் பெயர் கடைசியில்தான் வரும். அவரை முன்னால் கொண்டுவந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தனை அம்மாக்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 120 பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள். வரவேற்பது எட்டாம் வகுப்பு மாணவி. மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சொற்கள்தான் பேச முடியும். ஆகவே பெயர்கள் உட்பட 240 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது. உரை இப்படி இருக்கலாம்:

“எல்லோருக்கும் மாலை வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு உங்களை வரவேற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது.

முதலில் எங்கள் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிகளுக்கு வணக்கம். நடவு வேலை நடக்கும் நேரம் இது. வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மில்லில் இரவு ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்த அப்பாக்களும் இருக்கிறார்கள். உங்களை வருக வருக என்று வரவேற்கிறோம்.

உங்களில் ஒருவராக இருந்து எங்கள் பள்ளியைக் கவனித்துக்கொள்ளும் மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களை வரவேற்கிறோம். விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களையும், இதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, இன்று மருத்துவராக வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களையும் வரவேற்கிறோம்.

எங்கள் தலைமையாசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். பத்து நாளாக மதியச் சாப்பாட்டை வேகமாக முடித்துவிட்டு எங்களுக்கு நடனம் சொல்லிக் கொடுத்தீர்கள். காலை உணவு சமைக்கும் அக்காக்கள், சத்துணவு அமைப்பாளர், பள்ளியைத் தூய்மையாக வைத்திருக்கும் அம்மா, எல்லோரும் இங்கே வந்திருக்கிறீர்கள். வாருங்கள், முன்னால் உட்காருங்கள்.

தம்பி, தங்கைகளே! முதல் முறையாக மேடை ஏறுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். அடவு மறந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஆடுங்கள். நாங்கள் கைத்தட்டிக்கொண்டே இருப்போம்.

எல்லோரையும் மீண்டும் வரவேற்று, விழாவைத் தொடங்குகிறோம். நன்றி, வணக்கம்.”

மேடையில் உள்ள மற்றவர்களின் பெயர்களும் பதவிகளும் விருந்தினரை வரவேற்கும் பத்தியில் சேர வேண்டும். அவற்றைச் சேர்த்தாலும் உரை மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு பத்தியிலும் அந்த ஊருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு செய்தி இருப்பதுதான் இதன் பலம். நடவு வேலையும் மில் ஷிப்டும் வேறு ஊருக்குப் பொருந்தாது. கடலோரப் பள்ளி என்றால் அங்கே வலையும் படகும் வரும், சிவகாசிப் பக்கம் என்றால் தீப்பெட்டி ஆபீஸ் வரும். இணையத்திலிருந்து எடுத்த வரவேற்புரையில் இது கிடைக்காது. “கல்விக் கண் திறந்த”, “அறிவொளி வீசும்” போன்ற தொடர்களை எந்தப் பள்ளியிலும் பேசலாம். அதனாலேயே யாரும் அவற்றைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிந்தது. ஊர்ப்புறங்களில் அதற்குச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பலருடைய பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கிறார்கள். பெற்றோராகவும் பணியாளராகவும் வந்து ஓரமாக நிற்கும் அவர்களை வரவேற்புரையில் சொல்வதற்கு ஐந்து வினாடி போதும்.

உரையை எழுதியதும் வேலை முடிந்துவிடாது. பேசப்போகும் பிள்ளை கையில் அது ஒரு வாரம் முன்பே இருக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்ய வைப்பது ஆபத்து. ஒரு சொல் தவறினால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், கண்ணீர் வந்துவிடும். கெட்டி அட்டையில் பத்திக்கு ஒரு வரி என்று ஆறு வரியும், பெயர்களைப் பெரிய எழுத்திலும் எழுதிக் கையில் கொடுப்பதே பாதுகாப்பு. மெல்லிய தாள் வேண்டாம். கை நடுக்கம் அதில் தெரியும், மின்விசிறிக் காற்றிலும் பறக்கும். பெயர்களை உச்சரிப்பதில் சந்தேகம் இருந்தால் முன்னாளே அவர்களிடம் தொலைபேசியில் கேட்டுவிடலாம். தலைப்பெழுத்து எஸ்ஸா, சாவா என்பதுகூடச் சிலருக்கு முக்கியம்.

மைக்கும் கவனிக்க வேண்டிய ஒன்று. சற்று முன்புவரை பெரியவர் உயரத்துக்கு வைத்திருந்த தாங்கியைப் பிள்ளை பேச வரும்போது யாரும் இறக்குவதில்லை. பிள்ளை குதிகாலைத் தூக்கி நின்று பேசுகிறது. பக்கத்தில் ஓர் ஆசிரியர் நின்று, பேசத் தொடங்கும் முன்பே அதை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கி கூவினால் பலர் மைக்கின் தலையைக் கையால் மூடுவார்கள். அப்படி மூடினால் கூவல் இன்னும் கூடும். ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பிள்ளை நிற்கும் இடத்துக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைப்பதே சரியான தீர்வு.

எல்லா ஏற்பாட்டையும் கலைக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவது. அவருக்காக விழாவையே நிறுத்திவைக்கும் பள்ளிகள் உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்தையும் வரவேற்புரையையும் குறித்த நேரத்தில் தொடங்கிவிட்டு, இரண்டு நடனங்களை முன்னால் நகர்த்துவதே நல்லது. விருந்தினர் வந்ததும் தொகுப்பாளர் ஒரே வரியில் அவரை வரவேற்கலாம். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. வர முடியாமல் போனவரின் பெயரை அட்டையிலிருந்து அடிக்கவும், திடீரென்று வந்தவரின் பெயரைச் சேர்க்கவும் ஓர் ஆசிரியருக்கு மட்டும் பொறுப்புத் தர வேண்டும். நான்கு பேர் நான்கு துண்டுச் சீட்டு நீட்டினால் பதின்மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

இந்த ஆண்டு வரவேற்புரை எழுதப்போகும் ஆசிரியர்கள், மேடையில் அமர்பவர்களின் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் ஒரு வேலை செய்ய வேண்டும். பள்ளி வாசலில் பிள்ளையை அழைத்துப்போக நிற்கும் அம்மாக்களிடம், “விழா அன்னைக்கு வேலை இருக்குமா, எத்தனை மணிக்கு வர முடியும்?” என்று கேளுங்கள். உரைக்கான முதல் பத்தியும் விழா தொடங்க வேண்டிய நேரமும் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.