ஆயிரம் சொல்லுக்குள் ஒரு திருப்பம்

தமிழிலும் கதைகளை ஏற்கும் காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கதை 2,000 சொற்களுக்குக் குறையக் கூடாது, 5,000-ஐத் தாண்டவும் கூடாது. பிரிட்டனின் பிரிட்போர்ட் பரிசில் குறுங்கதைப் பிரிவுக்கு 250 சொல்தான் எல்லை. இத்தகைய போட்டிகளில் வரம்பைத் தாண்டிய கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கில் வராது. எனவே எழுதி முடித்த பிறகு வெட்டும் வேலை தொடங்குகிறது. பல கதைகள் சாவதும் அந்த மேசையில்தான்.

வெட்டுவதில் இரண்டு வகை உண்டு: சொற்களைச் சீவுவது, பகுதிகளையே எடுப்பது. ஸ்டீபன் கிங் பள்ளி இறுதியாண்டில் பெற்ற ஒரு நிராகரிப்புக் குறிப்பில், இரண்டாம் படி என்பது முதல் படியிலிருந்து பத்து சதவீதம் குறைந்தது என்று ஒரு சூத்திரம் இருந்தது. அதைப் பின்னாளில் தன் நூலிலும் எடுத்துச் சொன்னார். பத்து சதவீதம் என்றால் சீவினாலே போதும். முப்பது சதவீதம் போக வேண்டுமென்றால் சீவிப் பயனில்லை. எல்லா வாக்கியங்களும் ஒரே அளவில் மெலிந்து, எங்கும் அழுத்தம் இல்லாத கதைதான் மிஞ்சும்.

ஒரு கதையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். 1,420 சொல், போட்டியின் வரம்பு 1,000.

முருகேசன் ஒரு மில் தொழிலாளி. மனைவி செல்வியின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. மாதாமாதம் வட்டிப் பணத்தைச் செல்வியிடம் கொடுக்கிறான், அவள் கட்டிவிட்டு வருகிறாள். தீபாவளி போனஸ் வந்ததும், அவளுக்குத் தெரியாமல் சங்கிலியை மீட்டுக் கையில் கொடுக்க நினைத்து, எவ்வளவு பாக்கி என்று கேட்கக் கடைக்குப் போகிறான். கடைக்காரர் கணக்கேட்டைப் புரட்டிவிட்டுச் சொல்கிறார்: “அதை ஆடியிலேயே அண்ணி வந்து மீட்டுக்கிட்டுப் போயிட்டாங்களே, அண்ணே.” சங்கிலி வீட்டில் இருந்தால் அவன் மறுபடியும் அடகு வைப்பான் என்று செல்வி மறைத்திருக்கிறாள். அவன் ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த மாதம் முதல் தேதி, வழக்கம்போல வட்டிப் பணத்தை எண்ணி அவளிடம் கொடுக்கிறான்.

இதில் திருப்பம் எது? கடைக்காரரின் வாக்கியம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது செய்தி மட்டுமே. கதை திரும்புவது, தெரிந்த பிறகும் முருகேசன் பணத்தை எண்ணும் இடத்தில். செய்தி அவனுக்கு நேர்வது, எண்ணிக் கொடுப்பது அவன் செய்வது. வெட்டத் தொடங்கும் முன் இந்த வரியைக் கண்டுபிடித்து அடிக்கோடிட வேண்டும். பிறகு அங்கிருந்து பின்னோக்கிப் போய், இந்த வரி புரிய வாசகருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதைக்கு அவை மூன்று: வட்டிப் பணம் செல்வி கை வழியாகப் போகிறது, அடகுச் சீட்டும் அவளிடமே இருக்கிறது, அதே சங்கிலியை முருகேசன் இதற்கு முன் இரண்டு முறை மீட்டு, இரண்டு முறையும் திரும்ப அடகு வைத்திருக்கிறான்.

மூன்றாவதுதான் ஆபத்தான இடத்தில் இருக்கிறது. பழைய கதை சொல்லும் 180 சொல் பத்தியின் நடுவில் ஒற்றை வாக்கியமாகக் கிடக்கிறது. ‘பின்னணிதானே’ என்று அந்தப் பத்தியை மொத்தமாகத் தூக்கினால் எண்ணிக்கை அழகாக இறங்கும். ஆனால் செல்வி காரணமே இல்லாமல் பொய் சொன்னவளாகிவிடுவாள், முருகேசனின் மௌனமும் வெறும் பெருந்தன்மையாகிவிடும். தன் குற்றம் தெரிந்ததால்தான் அவன் வாயைத் திறப்பதில்லை என்பது அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பெரிய எழுத்தாளர்களின் கதைகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்பை அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் கடுமையாக வெட்டினார். அதில் ஒரு கதை நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இழந்தது. மகனின் பிறந்தநாளுக்குத் தாய் கேக் சொல்லி வைக்கிறாள். மகன் கார் மோதி மருத்துவமனையில் கிடக்கிறான். நடந்தது தெரியாத பேக்கரிக்காரர், கேக்கை வாங்க யாரும் வராத எரிச்சலில் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்கிறார். கார்வர் எழுதியதில் மகன் இறக்கிறான், பெற்றோர் கோபத்தோடு நள்ளிரவில் பேக்கரிக்குப் போகிறார்கள், விஷயம் தெரிந்த அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு அவர்களை உட்காரவைத்துச் சுடச்சுட ரொட்டி தருகிறார். லிஷ் வெட்டிய வடிவம் போன் மணியோடு நின்றுவிடுகிறது. பேக்கரிக் காட்சியே இல்லை. அச்சமூட்டும் கதை என்ற அளவில் அது நன்றாகவே நிற்கிறது. அதை விரும்புவோரும் உண்டு. ஆனால் அது சுருக்கப்பட்ட கார்வர் கதை அல்ல, வேறொரு கதை. கார்வர் 1983இல் வெளியான அடுத்த தொகுப்பில் பேக்கரிக் காட்சியோடு கூடிய நீண்ட வடிவத்தைச் சேர்த்தார்.

முருகேசன் கதைக்குத் திரும்பினால், கைவைக்க வேண்டிய இடங்கள் வேறு. கதை ஒரு பஸ் பயணத்தில் தொடங்குகிறது, 260 சொல். ஜன்னலோரக் காற்று, பக்கத்து இருக்கைக் குழந்தை எல்லாம் உண்டு. மேலே குறித்த மூன்றில் எதையும் அந்தப் பகுதி சுமக்கவில்லை, எனவே 60 போதும். போனஸ் கிடைத்த காட்சியில் 80 போகும். வீடு திரும்பும் நடையில் 100. கடைசியில் ‘அன்றுதான் அவனுக்கு வாழ்க்கை புரிந்தது’ என்ற தொனியில் 120 சொல் பத்தி ஒன்று இருக்கிறது. பணத்தை எண்ணிக் கொடுத்தபின் அதற்கு வேலையே இல்லை. முழுதும் போகட்டும்.

மொத்தம் 500 குறைந்து 920 ஆகிறது. இப்போது, தேவைக்கு மேல் வெட்டிய 80 சொல்லில் ஐம்பதைத் திருப்பத்துக்கு முந்தைய காட்சிக்குக் கொடுக்கலாம். கடைக்காரர் ஏட்டைத் திருப்பிக் காட்டுகிறார், முருகேசன் அதில் செல்வியின் கையெழுத்தைப் பார்க்கிறான். செய்தி காதில் விழுந்ததும் காட்சி பாய்ந்துவிடாமல், அந்தக் கையெழுத்தில் ஒரு நிமிடம் நிற்கிறது. மற்றதெல்லாம் சுருங்கும்போது இந்த இடம் மட்டும் நீள்வதால், எழுத்தாளர் தனியாகச் சொல்லாமலே வாசகர் கவனம் இங்கே குவியும்.

சீவும் வேலை இதற்குப் பிறகுதான். நடைக் காட்சியில் இப்படி இருந்தது: “அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று உடைந்து நொறுங்குவதைப் போல இருந்தது. அவளா இப்படிச் செய்தாள் என்று தனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே நடந்தான்.” பதினேழு சொல். அதற்குப் பதில்: “பஸ் ஸ்டாப்பைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தான்.” நான்கே சொல். மேலே சொன்ன நூறில் பெரும்பகுதி இப்படித்தான் வந்தது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி, இடைவெளியை வைத்துத்தான் சொற்களை எண்ணுகிறது. ‘நடந்துகொண்டிருந்தான்’ ஒன்று, ‘நடந்து கொண்டிருந்தான்’ இரண்டு. இரண்டும் அச்சில் வழக்கில் உள்ளவைதான், ஏதாவது ஒன்றைக் கதை முழுவதும் கடைப்பிடித்தால் போதும். ஆனால் வரம்புக்குள் நுழைவதற்காக ‘என்றுசொல்லிவிட்டுப்போனான்’ என்று ஒட்டி வைத்தால் நடுவருக்கு எரிச்சல்தான் வரும். இந்த வேறுபாட்டுக்காகவே முப்பது சொல்லை மிச்சம் வைத்து 970இல் நிறுத்துவது நல்லது.

அனுப்பும் முன், முதல் படியைப் படிக்காத ஒருவரிடம் கதையைக் கொடுத்து ஒரே கேள்வி கேட்க வேண்டும்: செல்வி ஏன் மறைத்தாள்? “மறுபடியும் அடகு வைத்துவிடுவானே” என்று பதில் வந்தால் வெட்டு சரி. “தெரியலையே, அண்ணனுக்குக் கொடுத்திருப்பாளோ?” என்றால் அந்த வாக்கியம் எங்கோ தொலைந்திருக்கிறது, அல்லது கண்ணில் படாத இடத்தில் ஒளிந்திருக்கிறது.

வாசகர் எதிர்க்கேள்வி கேட்பதும் உண்டு. இவன் வந்து விசாரித்ததைக் கடைக்காரர் செல்வியிடம் சொல்லிவிட மாட்டாரா? நியாயமான சந்தேகம். மிச்சமிருக்கும் முப்பதில், ‘நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்’ என்று முருகேசனைச் சொல்லவைக்க ஐந்து சொல் போதும். ஆனால் அந்த ஐந்து சொல் அவன் முடிவைக் கடையிலேயே போட்டு உடைத்துவிடும், முதல் தேதிக் காட்சிக்கு எதுவும் மிஞ்சாது. ஓட்டை சின்னது, விலை பெரிது. முப்பது சொல்லும் செலவாகாமல் கிடக்கட்டும்.