மூன்றையும்தான் நெருங்குகிறது

கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது முதலாமாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி வைத்திருந்தேன். (2n+1)/(n+3) என்ற தொடர்வரிசை 2-இல் குவிகிறது என்று வரையறையைக் கொண்டு நிறுவ வேண்டும். ஒரு பையன் உறுப்புகளை அழகாகக் கணக்கிட்டிருந்தான். n = 1 என்றால் 0.75, n = 10 என்றால் 1.615, 100-இல் 1.951, 1000-இல் 1.995. கடைசியில், ‘n பெரிதாகப் பெரிதாக விடை 2-ஐ நெருங்கிக்கொண்டே போகிறது, எனவே நிறுவப்பட்டது’ என்று எழுதிக் கோடு கிழித்திருந்தான். நான் சுழி போட்டேன்.

“எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு, எதுல தப்பு?” என்று தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“மூணையும்தானேப்பா நெருங்கிக்கிட்டே போகுது?”

அவன் அங்கேயே நின்று போட்டுப் பார்த்தான். 0.75-க்கும் 3-க்கும் இடைவெளி 2.25. அடுத்த உறுப்பு 1, இடைவெளி 2. அதற்கடுத்தது 7/6, இடைவெளி சுமார் 1.83. குறைந்துகொண்டே வருகிறது, ஒருமுறைகூட அதிகமாகவில்லை. அவன் எழுதிய வாக்கியத்தில் 2 என்பதை அடித்துவிட்டு 3 என்று எழுதினாலும் அது உண்மையான வாக்கியம்தான். அப்படியானால் அது எதையும் நிறுவவில்லை.

‘நெருங்கிக்கொண்டே’ என்ற சொல்லில்தான் வம்பு. எவ்வளவு நெருங்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. இந்த ஓட்டை கணக்கு அறிஞர்களையே நெடுங்காலம் படுத்தியது. பிரான்சில் கோஷி 1821-இல் பாரிஸ் எக்கோல் பொலிடெக்னிக் மாணவர்களுக்காக எழுதிய பாடநூலில் எல்லையைப் பற்றிச் சொற்களால்தான் விளக்கம் தந்தார்; நிரூபணங்களுக்குள் ε-ஐப் புகுத்தினார். இன்று நம் பாடநூல்களில் உள்ள கறாரான வடிவம், பின்னாளில் பெர்லினில் வையர்ஸ்ட்ராஸ் நடத்திய வகுப்புகள் வழியாகப் பரவியது.

வரையறை சொல்வது இதுதான். ஒரு தொடர்வரிசை L-இல் குவிகிறது என்றால், பூச்சியத்தைவிடப் பெரிய எந்த எண் ε-ஐக் கொடுத்தாலும் அதற்கேற்ற ஒரு N கிடைக்க வேண்டும். அந்த N-ஐத் தாண்டிய ஒவ்வோர் உறுப்புக்கும் L-க்கும் உள்ள இடைவெளி ε-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். எப்சிலான் என்றதும் பிள்ளைகள் மிரளுகிறார்கள். அது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிசகின் அளவு, அவ்வளவே. ‘இதற்கு மேல் பிசகு ஆகாது’ என்று எதிராளி முதலில் சொல்கிறார். ‘அப்படியானால் இந்த இடத்துக்குப் பிறகு ஆகாது’ என்று நாம் பதில் சொல்கிறோம். முதலில் பேசுவது அவர், அடுத்துதான் நாம். இந்த வரிசை மாறக் கூடாது.

பையனின் கணக்குக்கு வருவோம். உறுப்புக்கும் 2-க்கும் உள்ள இடைவெளியைக் காண, (2n+1)/(n+3)-இலிருந்து 2-ஐக் கழிக்க வேண்டும். 2-ஐ (2n+6)/(n+3) என்று எழுதிக்கொண்டால் தொகுதியில் 2n அடிபட்டுப் போய் −5 மட்டும் மிஞ்சும். ஆக, குறியை விட்டுவிட்டால் இடைவெளி 5/(n+3). இது எப்போது ε-க்குக் கீழே போகும் என்பதுதான் மிச்சமுள்ள வேலை.

எதிராளி ε = 0.01 என்கிறார் என்று வையுங்கள். 5/(n+3) < 0.01 ஆக வேண்டுமானால் n+3 என்பது 500-ஐத் தாண்ட வேண்டும். n = 497-இல் இடைவெளி சரியாக 0.01, அதாவது இன்னும் குறைவாகவில்லை. 498-இலிருந்து குறைவு, அதற்குப் பிறகு என்றைக்குமே குறைவு. ஆனால் இவ்வளவு துல்லியமாகத் தேட வேண்டிய அவசியம் இல்லை. பகுதியில் உள்ள 3-ஐ விட்டுவிட்டால் பின்னம் கொஞ்சம் பெரிதாகும்: 5/(n+3) < 5/n. பெரியதே 0.01-க்குக் கீழே போய்விட்டால் சிறியதைப் பற்றிக் கவலை எதற்கு? 5/n அங்கே போக n > 500 போதும். மூன்று இடம் தள்ளிப் போயிருக்கிறோம், நட்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் 0.01-க்குக் காட்டிவிட்டதால் வேலை முடிந்துவிடாது. எதிராளி அடுத்து 0.001 கேட்பார், அதற்கடுத்து வேறொன்று. அவர் எதைக் கேட்டாலும் பதில் தரும் ஒரே சூத்திரம் வேண்டும். 500 எங்கிருந்து வந்தது? 5-ஐ 0.01-ஆல் வகுத்ததில்தான். எனவே N என்பது 5/ε-க்குக் குறையாத ஒரு முழு எண். இதுவரை செய்தது ரஃப் நோட்டு வேலை. விடைத்தாளில் இது தலைகீழாக ஏறும்:

ε > 0 என்க. N ≥ 5/ε ஆகுமாறு ஓர் இயல் எண் N-ஐ எடுத்துக்கொள்வோம். n > N எனில்,

|(2n+1)/(n+3) − 2| = 5/(n+3) < 5/n < 5/N ≤ ε.

எனவே எல்லை 2. நான்கே வரி. N திடீரென்று வானத்திலிருந்து குதித்ததுபோல் தெரிவதற்குக் காரணம், ரஃப் நோட்டு கண்ணில் படாததுதான். பல புத்தகங்கள் அந்தப் பக்கத்தை அச்சிடாமல் விட்டுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி இதே சோதனையை 3-க்கு வையுங்கள். உறுப்புக்கும் 3-க்கும் இடைவெளி 1 + 5/(n+3). எதிராளி ε = 1/2 என்றால் போதும், n எத்தனை கோடியானாலும் இடைவெளி 1-க்குக் கீழே இறங்காது. ஒரே ஒரு ε-க்கு N கிடைக்கவில்லை என்றாலே 3 தோற்றது.

விடைத்தாள்களில் அதிகம் பார்த்த பிழை, சமனிலியைத் தப்பான பக்கம் தள்ளுவது. 5/(n+3)-க்குப் பதிலாக 5/(2n)-ஐ எடுத்துக்கொள்வார்கள். n, 3-ஐத் தாண்டினால் இது இடைவெளியைவிடச் சிறியது. சிறியது ε-க்குக் கீழே போனால் பெரியதும் போனதாகிவிடுமா? 0.01-க்கு அந்த வழி n > 250 என்று சொல்லும். n = 251-இல் உண்மையான இடைவெளி 5/254, ஏறக்குறைய 0.02. கேட்டதைப்போல் இரண்டு மடங்கு.

இன்னொன்று, N-க்குள் n-ஐ நுழைப்பது. N என்பது ε-ஐ மட்டும் பார்த்து முடிவாக வேண்டியது. அதை எந்த n-க்கு வைத்துச் சோதிக்கப் போகிறோமோ, அந்த n-ஐயே கேட்டு N-ஐ முடிவு செய்தால் முறை கெட்டது. N எதைச் சார்ந்திருக்கலாம் என்பதில் கோஷிக்கே சறுக்கியது. அதே 1821 நூலில், தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டிக் குவியும் தொடரின் கூடுதலும் தொடர்ச்சியானது என்று ஒரு தேற்றம் வைத்தார். அது எப்போதும் சரியல்ல என்று 1826-இல் ஆபெல் எடுத்துக்காட்டினார். கோளாறு எங்கே என்றால், அங்கே N ஒவ்வொரு x-க்கும் வேறாக இருக்கலாம். எல்லா x-க்கும் ஒரே N போதும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பையன் மறுநாள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். வாங்கிப் பார்த்தேன். N ≥ 5/ε இருக்க வேண்டிய இடத்தில் N ≥ 100/ε என்று இருந்தது.

“ஏன்டா நூறு?”

“அஞ்சே போதும்னு தெரியும் சார். நூறு போட்டாலும் நிக்குதான்னு பார்த்தேன். நின்னுடுச்சு.”

0.01-க்கு அவனுடைய N பத்தாயிரம். 498-லேயே முடிந்துபோன காரியத்துக்கு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறான். முழு மதிப்பெண் போட்டேன்.