மாதம் ஒரு வேலை, பருவம் பார்த்து

போகிக்கு முந்தைய வாரம் பல வீடுகளில் எல்லா வேலையும் ஒன்றாக வந்து குவிகிறது. பரண், ஃபேன், ஃப்ரிட்ஜ், பீரோ, சமையலறை அலமாரி என்று வருஷத்து அழுக்கு முழுவதையும் நான்கைந்து நாளில் தேய்த்துத் துடைத்துவிட்டு, பொங்கலன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். மாதத்துக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொண்டால் இந்தப் பாடு இல்லை. ஆனால் கைக்கு வந்தபடி ஜனவரிக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று என்று எழுதிவிட்டால் பயன் பாதிதான். தூசி எப்போது படிகிறது, ஈரம் எப்போது ஏறுகிறது, வெயில் எப்போது கிடைக்கிறது என்று பார்த்து மாதத்தை ஒதுக்க வேண்டும்.

ஃபேனுக்கு மாசி. மார்கழி, தையில் ஃபேன் அதிகம் ஓடுவதில்லை. நின்றுபோன இறக்கையின் மேல் தூசி சாவகாசமாகப் படிகிறது. பங்குனியில் முழு வேகத்தில் போட்டதும் அது கட்டிலில் உதிர்கிறது. அதற்கு முன்பே ஒரு காலை நேரத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய தலையணை உறையை இறக்கையின் மேல் மாட்டி மெதுவாக இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும். ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் போதாது, சுவிட்சையே அணைக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. துடைக்கும்போது இறக்கைக்கு அடியில் இன்னொரு கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அழுத்தினால் அது லேசாக வளையும், ஃபேன் ஆட ஆரம்பிக்கும். மோட்டார் பக்கம் தண்ணீர் தெளிக்கக் கூடாது. துடைத்த பிறகும் ஃபேன் மெதுவாகவே சுற்றினால் காரணம் தூசி இல்லை. சாதாரண ஃபேனில் பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஃப்ரிட்ஜுக்குப் பங்குனி. கோடையில் அதற்கு வேலை அதிகம், கதவும் அடிக்கடி திறக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் சரியாக ஒட்டாவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கம்ப்ரஸர் ஓயாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுக்கு இருக்கிறது, அல்லது ரப்பர் தளர்ந்துவிட்டது. மடிப்புக்குள் பால் சிந்தி, மாவு காய்ந்து பிசுக்காகியிருக்கும். பழைய டூத் பிரஷும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி காகிதத்தை வைத்துப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் ரப்பரை மாற்ற வேண்டும்.

உட்புறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா போதும். வாடையும் போகும், சோப்பு மணமும் தங்காது. கண்ணாடித் தட்டுகளை எடுத்தவுடன் வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், விரிசல் விடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கழுவலாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜாக இருந்து ஃப்ரீசரில் ஐஸ் கட்டியிருந்தால் டீஃப்ராஸ்ட் பட்டனை முந்தின இரவே அழுத்திவிடுங்கள். கத்தியால் கொத்தினால் உள்ளே ஓடும் கேஸ் குழாய் ஓட்டையாகலாம். அது பெரிய செலவு.

மளிகை அலமாரியைச் சித்திரைக்கு வைத்துக்கொள்ளலாம். மிளகாய், மல்லி, புளி என்று வருஷச் சாமான் காயவைக்கும் காலம். டப்பாவைக் கழுவினால் ஈரமில்லாமல் அன்றே காயும், பருப்பையும் அரிசியையும் வெயிலில் கொட்டி வண்டு பார்த்து எடுத்து வைக்கலாம். இதே வேலையை ஐப்பசியில் செய்தால் டப்பாவின் மூடி மடிப்பில் நிற்கும் ஈரமே பூஞ்சைக்கு வழி செய்துவிடும். ஜன்னல் வலைகளை ஆவணிக்குத் தள்ளிவிடுங்கள். ஆடிக்காற்று ஓயும் முன் கழுவினால் மறுவாரமே மண் படியும். துணி பீரோவுக்குப் புரட்டாசியின் முதல் பாதி, மழை பிடிப்பதற்கு முன். துணிகளை வெளியே எடுத்து, பீரோவைத் துடைத்து, கதவைத் திறந்துபோட்டுக் காயவிட வேண்டும். பட்டுப்புடவைகளை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த வரியிலேயே முறியும். மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷினுக்கு ஆயுத பூஜை இருக்கிறது. அதற்கென்று தனி மாதம் வேண்டாம்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்வது யார்? இங்கேதான் நினைவூட்டல் வருகிறது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு "ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்" என்று ஃபோன் கத்தினால் எரிச்சல்தான் மிஞ்சும். அன்று ஃப்ரிட்ஜ் நிறையக் காய்கறி இருக்கும், ஐஸும் உருகியிருக்காது. அதே வேலைக்கு மூன்று நினைவூட்டல் வைத்துப் பாருங்கள். புதன்கிழமை: "இந்த வாரம் காய் குறைவாக வாங்கலாம்." சனி இரவு: "டீஃப்ராஸ்ட் பட்டன்." ஞாயிறு காலை: "கதவு ரப்பரிலிருந்து ஆரம்பிக்கலாம்." ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை மட்டும் சொல்கிறது. ஃபோன் வேண்டாம் என்றால் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே அந்த மூன்று கட்டங்களில் எழுதுங்கள். வேலைக்குப் பக்கத்தில் வீட்டில் உள்ளவர்களில் ஒருவர் பெயரையும் எழுதுங்கள், மாதாமாதம் பெயர் மாறட்டும். எல்லா நினைவூட்டலும் அம்மாவின் ஃபோனுக்கே போனால் பொங்கல் வாரத்துச் சுமையைப் பன்னிரண்டாக வெட்டி அவர் தலையிலேயே வைத்ததாகும்.

ஊருக்குப் போனதால், உடம்பு சரியில்லாததால் ஒரு வேலை தவறினால் அடுத்த ஞாயிறுக்கு மாற்றுங்கள். அதுவும் தவறினால் அதை அடுத்த மாத வேலையோடு சேர்க்க வேண்டாம், விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் மறுபடி போகி வாரம்தான். ஜன்னல் வலை ஒரு வருஷம் அழுக்காக இருப்பதால் குடி முழுகிவிடாது.

அப்படி விடக்கூடாத வேலை ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரஸருக்கு மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டு. உள்ளே உருகும் தண்ணீர் குழாய் வழியாக இதில்தான் வந்து விழுகிறது, கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகிறது. மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் சீக்கிரம் ஆவியாகாது, தண்ணீர் தேங்கிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்தத் தண்ணீர் போதும். முட்டை கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள்தான் ஆகும் என்பதால் மாதம் ஒருமுறை பார்ப்பதில் பலனில்லை. தண்ணீரைக் கொட்டினாலும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஐப்பசி பிறந்ததும் வாரம் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டைக் கழற்றி ஓரங்களைப் பிரஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கழற்ற முடியாத மாடலானால் ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு ஓரங்களைத் தேயுங்கள். வீட்டில் வேறு எந்த வேலை தள்ளிப்போனாலும் மழை முடியும்வரை இது தள்ளிப்போக வேண்டாம்.