கௌவும் ரவும் ஒரு வட்டத்துக்குள்

கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் மணமக்களின் முதலெழுத்துகளைப் பின்னி முத்திரையாக்குவது இப்போது வழக்கம். கௌதம், ரம்யா என்று ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். ‘கௌ’ மூன்று துண்டுகளாக விரிந்து நிற்கும்; பக்கத்தில் ‘ர’ ஒல்லியாக ஓரத்தில் ஒதுங்கும்.

உடனே பலர் ‘ர’வை ஒன்றரை மடங்கு பெரிதாக்குகிறார்கள். தவறு அங்கேதான். எழுத்தோடு கோடும் பருத்துவிடுகிறது: 2 மி.மீ. கோடு 3 மி.மீ. ஆகி, ‘ர’ மட்டும் கறுத்துத் தெரியும். பெரிதாக்கிய பின் கோட்டை மறுபடி 2 மி.மீ. தடிமனுக்கு வரைய வேண்டும். ‘கௌ’வை ‘க’வாகச் சுருக்கலாமா என்றால், பெயரே மாறிப்போகும், வேண்டாம்.

‘ர’வின் கீழே சாய்ந்து இறங்கும் வாலையும் கவனியுங்கள். சட்டம் அதை மறைத்தால் துணைக்கால்தான் மிஞ்சும். அதனால் வட்டம் வாலைத் தொடாமல் இடம்விட்டு ஓடட்டும். சட்டத்துக்கு ஒற்றைக் கோடு போதும், எழுத்தின் கோட்டில் பாதித் தடிமனில். பூவும் மயிலும் சேர்த்தால் எழுத்துதான் தோற்கும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் பத்திரிகையில் வரும் அதே அளவில், கறுப்பு மையில் ஒரு பிரதி எடுத்து, பெயர் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.