எத்தனை மாணவர் என்பதற்கு முன் எத்தனை கல்லூரி

கலை அறிவியல் கல்லூரிகளில் படிப்பவர்களில் எத்தனை சதவீதம் பேர் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வகுப்புக்கு வருகிறார்கள்? ஆய்வு மாணவி ஒருவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் 100. அவற்றில் படிப்பவர்கள் 80,000 பேர். இவை கணக்குக்கு வசதியாக எடுத்துக்கொண்ட எண்கள். எல்லோரையும் கேட்க முடியாது. 400 பேரைக் கேட்கலாம், அதற்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது. அந்த 400 பேர் யார் என்பதில்தான் ஆய்வின் தலையெழுத்தே இருக்கிறது.

பாடப்புத்தகம் முதலில் சொல்லும் வழி எளிய சமவாய்ப்பு மாதிரி. 80,000 பெயர்களையும் ஒரே பட்டியலாக்கி, கணினியில் சமவாய்ப்பு எண்களை எடுத்து, 400 பேரைக் குலுக்கித் தேர்ந்தெடுப்பது. இப்படி எடுத்தால் கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து ஏறத்தாழ 5 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். இதே கணக்கெடுப்பை 100 தடவை திரும்பச் செய்தால், சுமார் 95 தடவை விடை அந்த எல்லைக்குள் வந்து நிற்கும். 400 பேர் போதும் என்று பல துறைகளில் பேச்சுவாக்கில் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் அந்த 400 பேர் எங்கே இருக்கிறார்கள்? சராசரியாகக் கல்லூரிக்கு 4 பேர். அவர்களைத் தேடி ஏறக்குறைய எல்லாக் கல்லூரிக்கும் போயாக வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் முதல்வரிடம் அனுமதிக் கடிதம், அலுவலகத்தில் காத்திருப்பு, அப்புறம் அந்த 4 பேர் எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்ற தேடல். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவிடம் எல்லோருடைய பதிவு எண்ணும் கைப்பேசி எண்ணும் இருந்து, அவற்றைப் பயன்படுத்த அனுமதியும் கிடைத்து, தொலைபேசியிலேயே கேட்டுவிட முடியுமென்றால் இந்த வழியே சிறந்தது. வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. நேரில் போக வேண்டும் என்றால் இது கட்டுப்படியாகாது.

அதனால் பலரும் தாவுவது கொத்து மாதிரிக்கு. 10 கல்லூரிகளைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் 40 பேரைக் கேட்டால் அதே 400 பேர் கிடைத்துவிடுகிறார்கள். போக வேண்டியது பத்து இடங்களுக்குத்தான். அறிக்கையிலும் 400 என்றே எழுதலாம். இங்கேதான் பெரிய பிழை நுழைகிறது.

ஒரே கல்லூரியில் படிப்பவர்கள் பயண விஷயத்தில் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஊருக்கு நடுவே பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் கல்லூரியில் பெரும்பாலானோர் அரை மணியில் வந்து சேர்ந்துவிடுவார்கள். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரே ஒரு டவுன் பஸ்ஸை நம்பியிருக்கும் கல்லூரியில் பலருக்கும் ஒரு மணியைத் தாண்டும். முதல் பத்துப் பேரைக் கேட்டதுமே அந்தக் கல்லூரியின் நிலவரம் தெரிந்துவிடுகிறது. அடுத்த முப்பது பேர் புதிதாக அதிகம் எதையும் சொல்வதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், ஆனால் இங்கே பானைகள் நூறு. ஒரே பானையில் நாற்பது பருக்கையை நசுக்கிப் பார்ப்பதால் மற்றப் பானைகளைப் பற்றி எதுவும் தெரியாது.

இந்த இழப்பை அளக்க ஒரு வழி இருக்கிறது. லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1965-இல் வெளியிட்ட மாதிரிக் கணக்கெடுப்பு நூல் வழியாகப் பரவலான அந்த அளவை ‘வடிவமைப்பு விளைவு’ எனலாம். ஒரே கல்லூரிக்காரர்கள் எந்த அளவுக்கு ஒத்திருக்கிறார்கள் என்பதைப் பொதுவாகப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகக் குறிக்கிறார்கள். கல்லூரிக்குக் கேட்கும் ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, இந்த ஒற்றுமை எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வடிவமைப்பு விளைவு வந்துவிடும். பயண நேரத்துக்கு ஒற்றுமை 0.1 என்று கொண்டால், 39-ஐ 0.1-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்ட 4.9. கேட்ட 400 பேரை 4.9-ஆல் வகுத்தால் மிஞ்சுவது சுமார் 82. அதாவது பத்துக் கல்லூரிகளில் 400 பேரைக் கேட்டது, முழுப் பட்டியலிலிருந்து 82 பேரைக் குலுக்கி எடுத்ததற்குத்தான் சமம். பிழை எல்லை 5 புள்ளியிலிருந்து 11 புள்ளிக்குப் போய்விடுகிறது.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் கல்லூரிக்கு 80 பேராகக் கேட்டுவிடலாமே’ என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 800 பேரைக் கேட்டும் மிஞ்சுவது 90 பேர் அளவுக்கான தகவல்தான். இரட்டிப்பு உழைப்பில் பிழை எல்லை ஒரு புள்ளிகூடக் குறைவதில்லை. அதே 400 பேரை 20 கல்லூரிகளில் இருபது இருபதாகப் பிரித்தால் 138 பேருக்குச் சமம். 40 கல்லூரிகளில் பத்துப் பத்தாகக் கேட்டால் 210. பலனைக் கூட்டுவது கல்லூரிகளின் எண்ணிக்கை.

எல்லாக் கேள்விக்கும் இந்த இழப்பு ஒரே மாதிரி இருக்காது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் எத்தனை பேர் என்பது கேள்வியானால், கல்லூரிக்குக் கல்லூரி அது பெரிதாக மாறாது. ஒற்றுமை 0.01 என்று கொண்டால், பத்துக் கல்லூரி 400 பேரே 288 பேருக்குச் சமமாகிவிடும். பத்துக் கல்லூரியோடு நிறுத்திக்கொள்ளலாம். விடுதி உணவு, கட்டணம், நூலக நேரம், பேருந்து போன்ற, கல்லூரியே தீர்மானிக்கும் விஷயங்களைக் கேட்பவர்கள்தான் அதிகக் கல்லூரிகளுக்குப் போயாக வேண்டும்.

அடுக்கு மாதிரி வந்து உதவுவது இந்த இடத்தில். அதை மற்ற இரண்டுக்கும் போட்டியாகப் பார்ப்பது வகுப்பறைப் பழக்கம். களத்தில் அது கொத்து மாதிரியோடு சேர்ந்தே வேலை செய்கிறது. நம் 100 கல்லூரிகளை அரசு, அரசு உதவி பெறுபவை, சுயநிதி என்று மூன்று அடுக்காகப் பிரிப்போம். அரசுக் கல்லூரி 15, உதவி பெறுபவை 15, சுயநிதி 70. மாணவர் எண்ணிக்கை முறையே 24,000, 24,000, 32,000. ஒரே குலுக்கலில் 20 கல்லூரிகளை எடுத்தால் அரசுக் கல்லூரி ஒன்றுதான் விழுந்தது என்ற விபத்து நேரலாம். அடுக்கு பிரித்து, மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப 6, 6, 8 என்று ஒதுக்கிவிட்டால் அந்த விபத்துக்கு இடமே இல்லை. அடுக்குகளுக்கு இடையிலான வேறுபாடு பிழைக் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. மிஞ்சும் ஒற்றுமை 0.04 ஆகக் குறைந்தால், இருபது கல்லூரியில் கேட்கும் 400 பேர் 227 பேருக்குச் சமம். செலவு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

பிரிப்பது பயனுள்ளதாக இருக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். பயண நேரத்தைக் கேட்பவருக்கு, கல்லூரி நகரத்தில் இருக்கிறதா கிராமத்தில் இருக்கிறதா என்பது உதவும். எந்த ஆண்டு தொடங்கப்பட்டது என்பது அவ்வளவாக உதவாது.

இனி, சுயநிதி அடுக்கிலிருந்து 8 கல்லூரிகளை எப்படி எடுப்பது? சீட்டுக் குலுக்கினால் 200 பேர் படிக்கும் கல்லூரிக்கும் 2,000 பேர் படிக்கும் கல்லூரிக்கும் ஒரே வாய்ப்பு. இரண்டிலும் 20 பேரைக் கேட்டால், சிறிய கல்லூரி மாணவர் தேர்வாகும் வாய்ப்பு பெரிய கல்லூரி மாணவருக்கு இருப்பதைப் போலப் பத்து மடங்காகிவிடும். இது சின்ன விஷயமல்ல. மத்திய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2019-20 அறிக்கையின்படி, நாட்டின் கல்லூரிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் 500-க்கும் குறைவான மாணவர்களே படிக்கிறார்கள். 3,000-ஐத் தாண்டியவை 4 சதவீதம்தான்.

தீர்வு, அளவுக்கேற்ற வாய்ப்பு. 70 கல்லூரிகளையும் வரிசையாக எழுதி, மாணவர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் கல்லூரியில் 900 பேர் என்றால் அதற்கு 1 முதல் 900 வரை. அடுத்ததில் 350 பேர்: 901 முதல் 1,250 வரை. மூன்றாவதில் 610 பேர்: 1,251 முதல் 1,860 வரை. இப்படியே 32,000 வரை போகும். 32,000-ஐ 8-ஆல் வகுக்க 4,000. ஒன்றிலிருந்து 4,000-க்குள் ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுக்கிறோம். 1,370 வந்தது என்றால் மூன்றாவது கல்லூரி தேர்வு. பிறகு 5,370, 9,370 என்று 4,000 கூட்டிக்கொண்டே போனால் எட்டும் கிடைத்துவிடும். எழுதும்போதே மாவட்ட வாரியாக, நகரத்துக் கல்லூரிகள் முதலில், கிராமத்துக் கல்லூரிகள் பிறகு என்று வரிசைப்படுத்திவிட்டால், தேர்வு தானாகவே எல்லாப் பக்கமும் பரவிவிடும்.

அந்த மூன்றாவது கல்லூரி தேர்வாகும் வாய்ப்பு 4,000-இல் 610. அங்கே ஒரு மாணவர் தேர்வாகும் வாய்ப்பு 610-இல் 20. இரண்டையும் பெருக்கினால் 610 அடிபட்டுப்போய் 200-இல் ஒன்று என்று நிற்கும். எந்தக் கல்லூரியை வைத்துப் பார்த்தாலும் இதேதான் வரும். மற்ற இரண்டு அடுக்கிலும் 24,000-ஐ 6-ஆல் வகுக்க அதே 4,000. எல்லா மாணவர்களுக்கும் சம வாய்ப்பு. கடைசியில் எடை போட்டுச் சரிசெய்யும் வேலை மிச்சம்.

அமெரிக்காவில் 1993-இல் கல்லூரி மாணவர்களின் மதுப்பழக்கத்தைப் பற்றி ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி நடத்திய ஆய்வு இந்தப் பாதையில் போனதுதான். மாணவர் எண்ணிக்கைக்கேற்ற வாய்ப்பில் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மாணவர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தார்கள். 140 கல்லூரிகளிலிருந்து 17,592 பேர் பதில் அனுப்பினார்கள்.

காகிதத்தில் இத்தனை கவனமாகப் போட்ட திட்டம் கெடுவது பெரும்பாலும் கல்லூரிக்குள் போன பிறகுதான். துறைத் தலைவர் அன்போடு, “இரண்டாம் ஆண்டு பி.காம். இப்ப ஃப்ரீயா இருக்காங்க, இங்கேயே கொடுத்துடுங்கம்மா” என்பார். அந்த வகுப்பு ஒரு ஷிப்டைச் சேர்ந்தது. இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியில் காலை ஷிப்டுக்கு ஓடிவருபவர்களின் பயணமும் மதிய ஷிப்டுக்காரர்களின் பயணமும் வேறு. அலுவலகத்தில் எல்லாத் துறைகளின் நாமினல் ரோலையும் வாங்கி, இரண்டு ஷிப்டையும் சேர்த்து, அதிலிருந்து இருபது பேரைக் குலுக்கி எடுக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளைக் கொடுத்தே ஆக வேண்டும்.

தேர்வானவர் அன்று வரவில்லை என்றால் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பது இன்னும் மோசம். தொலைவிலிருந்து வருபவர்கள்தான் பஸ்ஸைத் தவறவிட்டு விடுப்பாகிறவர்களாக இருக்கக்கூடும். அவர்களை விட்டுவிட்டால் பயண நேரமே குறைவாகத் தெரியும். இன்னொரு நாள் போய்ப் பார்க்க வேண்டும், அல்லது போனில் பிடிக்க வேண்டும். அனுமதி மறுத்த கல்லூரிக்குப் பதிலாகத் தெரிந்த பேராசிரியர் இருக்கும் கல்லூரியைச் சேர்த்துக்கொள்வதும் இதே வகைத் தவறு. மாற்றுக் கல்லூரிகளை அதே அடுக்கிலிருந்து முன்கூட்டியே குலுக்கி எழுதி வைத்துக்கொண்டு, எத்தனை கல்லூரிகள் மறுத்தன என்பதையும் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

பிழை எல்லையைக் கணிக்கத் தனி மென்பொருள் இல்லாவிட்டாலும் கையால் தோராயமாகப் பார்க்கலாம். 400 படிவங்களை மறந்துவிட்டு, இருபது கல்லூரிகளுக்கும் ஒவ்வொரு சதவீதம் போட வேண்டும். அந்த இருபது எண்களின் திட்ட விலக்கத்தை இருபதின் வர்க்கமூலமான 4.47-ஆல் வகுத்து இரட்டிப்பாக்கினால் பிழை எல்லை. திட்ட விலக்கம் 19 புள்ளி வந்தால் எல்லை சுமார் 8.5. அடுக்குகளால் கிடைக்கும் லாபத்தை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. அடுக்கு அடுக்காகத் தனித்தனியே விலக்கத்தைக் கணித்துச் சேர்த்தால் எல்லை இன்னும் குறுகும். இவற்றைச் செய்யாமல், 400 என்ற எண்ணை மட்டும் சூத்திரத்தில் போட்டு 5 புள்ளி என்று எழுதினால், இரண்டு கல்லூரி வகைகளுக்கு இடையே இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தெரியும். அதை நம்பிப் பேருந்துகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள்.