பென் டிரைவைக் கண்டுகொள்ளாத கார் ஸ்டீரியோ

கார் ஸ்டீரியோ பென் டிரைவை மூன்று படிகளில் படிக்கிறது. டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்கும். அடுத்து, அந்தப் பிரிவுக்குள் ஃபைல்களை அடுக்கியிருக்கும் முறை தனக்குத் தெரிந்ததுதானா என்று பார்க்கும். தெரிந்த முறையாக இருந்தால், ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பாட்டு ஃபைல்களைத் தேடிப் பட்டியல் போடும். கம்ப்யூட்டரில் நன்றாகத் திறக்கும் பென் டிரைவ் காரில் பாடவில்லை என்றால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதோ ஒரு படியில் ஸ்டீரியோ நின்றுவிட்டது என்றே பொருள். டிரைவிலும் கோளாறு இருக்காது, பாட்டிலும் இருக்காது. எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது எளிது.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இரண்டாவது படியில். ஃபைல்களை அடுக்கும் முறைகளில் FAT32, exFAT, NTFS என்ற மூன்றும் பென் டிரைவ்களில் அடிக்கடி காணப்படுபவை. FAT32 முறை 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்தது. எளிமையானது, சிறிய கருவிகளுக்கும் சுமையாகாதது. அதனால் பென் டிரைவ் படிக்கும் ஏறக்குறைய எல்லா கார் ஸ்டீரியோக்களும் இதைப் படிக்கும். exFAT முறையை மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. நெடுங்காலம் அதைப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அதன் முழு விவரக் குறிப்பை நிறுவனம் பொதுவில் வெளியிட்டது 2019-இல்தான். காரில் பொருத்திய ஸ்டீரியோவோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் அப்படியே இருக்கும். அதற்குள் இருக்கும் மென்பொருளும் தொழிற்சாலையில் ஏற்றியதுதான். ஆகவே பழைய ஸ்டீரியோ பலவற்றுக்கு exFAT என்றால் என்னவென்றே தெரியாது. NTFS படிக்கும் ஸ்டீரியோக்களும் எல்லாம் அல்ல, சிலவே.

பென் டிரைவ் வாங்கும்போதே இந்தச் சிக்கல் கூடவே வந்துவிடுகிறது. 32 ஜிபி வரையுள்ளவை பெரும்பாலும் FAT32 முறையில் வருகின்றன. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பல exFAT முறையில் வருகின்றன. பார்வைக்கு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. விண்டோஸில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து Properties திறந்தால், File system என்ற வரியில் முறையின் பெயர் இருக்கும். காரில் பாடாத டிரைவை வைத்துக்கொண்டு வேறெதையும் ஆராய்வதற்கு முன் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

அங்கே exFAT என்றிருந்தால் FAT32-க்கு மாற்ற டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அனைத்தும் அழிந்துவிடும். எனவே பாடல்களைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து வைத்த பிறகே தொடங்க வேண்டும். 32 ஜிபி வரையுள்ள டிரைவுக்கு விண்டோஸின் ஃபார்மட் பெட்டியே போதும். கமாண்ட் திரையில் செய்ய விரும்புவோர், டிரைவின் எழுத்து E என்றால், இப்படி அடிக்கலாம்:

```
format E: /FS:FAT32 /Q
```

எழுத்து மாறினால் வேறு டிரைவ் அழிந்துபோகும் என்பதால் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு அடிப்பது நல்லது. 64 ஜிபி டிரைவாக இருந்தால், பலருக்கும் பழகிய ஃபார்மட் பெட்டியில் FAT32 என்ற தேர்வே காட்டாது. இது FAT32-இன் வரம்பு அல்ல. அந்தப் பெட்டியை 1990-களில் எழுதிய பொறியாளர் டேவ் பிளம்மர், 32 ஜிபி என்ற எல்லையைத் தாமே வைத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தற்காலிகம் என்று எழுதிய பெட்டி பல்லாண்டு நிலைத்துவிட்டது. பெரிய டிரைவுகளுக்கு ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் Non bootable, MBR, Large FAT32 என்ற மூன்றையும் தேர்ந்தெடுத்தால் 64 ஜிபி முழுவதும் FAT32 ஆகிவிடும்.

அந்த MBR என்பது முதல் படிக்கு உரியது. டிரைவின் தொடக்கத்தில் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய முறை அது. GPT என்பது புதிய முறை. முறை FAT32 ஆகவே இருந்தும் ஸ்டீரியோ டிரைவே இல்லை என்று சொன்னால், GPT காரணமாக இருக்கக்கூடும். மேக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்த டிரைவுகளில் இது நேர்வதுண்டு. அங்கே Disk Utility-யில் MS-DOS (FAT) என்பதோடு Master Boot Record என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரையில் வரும் செய்தி நல்ல தடயம். சொற்கள் மாடலுக்கு மாடல் மாறினாலும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். NO USB, NO DEVICE, UNSUPPORTED போன்றவை வந்தால் முதல் இரண்டு படிகளைச் சந்தேகிக்க வேண்டும். NO FILE, NO MUSIC என்று வந்தால், ஸ்டீரியோ உள்ளே நுழைந்துவிட்டது, தனக்குப் புரிந்த பாட்டு மட்டும் கிடைக்கவில்லை. பாட்டுகள் மிக ஆழத்தில் இருக்கலாம், அல்லது அந்த மாடலுக்குப் பாடத் தெரியாத வகை ஃபைல்களாக இருக்கலாம். READING என்று நெடுநேரம் நின்றால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை அதற்கு அதிகம். எந்தச் செய்தியும் வராவிட்டால், செருகிய துளை சார்ஜ் ஏற்ற மட்டும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பல கார்களில் இரண்டு துளைகள் இருந்தாலும் ஒன்றுதான் ஸ்டீரியோவோடு இணைந்திருக்கும்.

மூன்றாவது படியில் சிக்கல் வந்தால் அது சட்டென்று தெரியாது. சில பாட்டுகள் பாடும், சில இருக்கவே இருக்காது. ஸ்டீரியோவுக்குள் இருக்கும் நினைவகம் சிறியது. கண்ட ஃபோல்டர்களையும் ஃபைல்களையும் எண்ணிட்டு அதில்தான் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் தயாரிப்பவர்களே ஒரு வரம்பு வைக்கிறார்கள். ஒரு மாடலில் 999 பாட்டு, இன்னொன்றில் 15,000, வேறொன்றில் 65,535 என்று எண்கள் மாறுகின்றன. ஃபோல்டர்களுக்கு 255 அல்லது 500 என்ற வரம்பு தனியாக இருக்கும். 255, 65,535 என்பவை ஏன் அடிக்கடி வருகின்றன என்றால், ஒரு பைட்டிலும் இரண்டு பைட்டுகளிலும் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்கள் அவை. வரம்பைத் தாண்டியவற்றைப் பல மாடல்கள் எச்சரிக்காமலே விட்டுவிடுகின்றன. பாட்டு காணாமல் போனதாகவோ நகலெடுப்பதில் தவறு நேர்ந்ததாகவோ உரிமையாளர் நினைப்பது இதனால்தான்.

ஒரு சேகரிப்பை எடுத்துக் கணக்குப் போட்டால் இது தெளிவாகும். 4,200 திரைப்பாடல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பாட்டு சராசரியாக 5 எம்பி என்றால் மொத்தம் 21 ஜிபிதான் ஆகும். 64 ஜிபி டிரைவே தேவையில்லை, 32 ஜிபியில் அடங்கிவிடும். அந்தப் பாடல்கள் தமிழ், இசையமைப்பாளர், பத்தாண்டு, ஆண்டு, படம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தடுக்கு ஃபோல்டர்களில் இருக்கின்றன. ஸ்டீரியோவின் வரம்பு 15,000 பாட்டு, 500 ஃபோல்டர், எட்டு அடுக்கு. பாட்டு எண்ணிக்கையில் குறையில்லை, ஆழத்திலும் குறையில்லை. ஆனால் படத்துக்கு ஆறு பாட்டு என்றால் படங்களுக்கு மட்டுமே 700 ஃபோல்டர்கள் ஆகின்றன. இசையமைப்பாளர், பத்தாண்டு, ஆண்டு ஃபோல்டர்களை அதன்மேல் கூட்டினால் எண்ணிக்கை இன்னும் ஏறும். 500-ஐத் தாண்டிய 200-க்கும் மேற்பட்ட படங்கள், அதாவது 1,200 பாட்டுகளுக்கு மேல், ஸ்டீரியோவின் கண்ணில் படாமலே போகும். பாட்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்தவருக்குக் காரணம் புரியவே புரியாது.

இதற்குத் தீர்வு ஃபோல்டர்களைக் கலைத்துச் சேர்ப்பது. இசையமைப்பாளரையும் பத்தாண்டையும் ஒரே பெயரில் இணைத்து 50 ஃபோல்டர்கள் வைத்தால், ஒவ்வொன்றிலும் 84 பாட்டுகள் வரும். படத்தின் பெயரைப் பாட்டு ஃபைலின் பெயருக்கு முன்னால் சேர்த்துவிட்டால் தேடுவதற்கும் இடைஞ்சலில்லை. காருக்கான டிரைவில் இப்படித் தட்டையாக அடுக்குவதே நல்லது. வண்டி ஓட்டிக்கொண்டே ஐந்தடுக்கு இறங்கித் தேடுவது ஆபத்தும்கூட. ஸ்டீரியோவின் வரம்பு 999 பாட்டு என்றிருந்தாலோ, கலைத்து அடுக்கிப் பயனில்லை. பாடல்களை ஐந்து சிறிய டிரைவுகளில் பிரித்து வைப்பதே வழி.

ஆழத்தைப் பொறுத்தவரை எட்டு அடுக்கு என்பது பல மாடல்களில் காணும் எல்லை. டிரைவின் வெளிப்பகுதியையும் ஓர் அடுக்காகச் சேர்த்து எண்ணும் மாடல்களும் இருப்பதால், எல்லைக்கு ஓர் அடுக்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரின் முழு மியூசிக் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடும்போதுதான் எட்டைத் தாண்டுவது நடக்கிறது.

எண்ணிக்கையைக் கண்ணுக்குத் தெரியாமல் கூட்டும் இன்னொன்றும் உண்டு. மேக் கம்ப்யூட்டர் FAT32 டிரைவில் பாட்டை எழுதும்போது, பல சமயம் அதே பெயரின் முன்னால் ._ சேர்த்த ஒரு சிறு ஃபைலையும் கூடவே எழுதிவிடும். அதன் பெயரும் .mp3 என்றே முடிவதால் சில ஸ்டீரியோக்கள் அதையும் பாட்டாக எண்ணிக்கொள்ளும். 600 பாட்டு 1,200 ஆகத் தோன்றும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன் ஒரு தடுமாற்றம் வரும். டிரைவின் பெயர் SONGS என்றால் மேக்கின் டெர்மினலில் இந்த வரி அவற்றை நீக்கிவிடும்:

```
dot_clean -m /Volumes/SONGS
```

எல்லாப் பாட்டும் வந்தும் வரிசை குலைந்திருந்தால், அதுவும் FAT முறையின் இயல்புதான். ஃபைல்களின் பெயர்கள் எழுதப்பட்ட வரிசையிலேயே அதில் பதிவாகின்றன. கம்ப்யூட்டர் அவற்றை அகரவரிசையில் மாற்றிக் காட்டுகிறது. பல ஸ்டீரியோக்கள் பதிவான வரிசையிலேயே பாடுகின்றன. டிரைவ்சார்ட், ஃபேட்சார்ட் போன்ற இலவச மென்பொருள்கள் அந்தப் பதிவையே வரிசைப்படுத்தித் தரும்.

ஐயம் தீராதபோது ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய 8 ஜிபி அல்லது 16 ஜிபி டிரைவை FAT32 ஆக்கி, ஃபோல்டரே இல்லாமல் பத்து எம்பி3 பாட்டுகளை மட்டும் போட்டுக் காரில் செருக வேண்டும். அது பாடினால் துளையும் ஸ்டீரியோவும் நன்றாகவே இருக்கின்றன, குறை பெரிய டிரைவின் அடுக்கில்தான். அதுவும் பாடாவிட்டால் டிரைவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டலாம். எத்தனை பாட்டு, எத்தனை ஃபோல்டர், எத்தனை அடுக்கு என்ற எண்கள் ஸ்டீரியோவோடு வந்த கையேட்டில், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், யுஎஸ்பி என்ற தலைப்பின் கீழ் அச்சிட்டிருக்கும். புதிய பென் டிரைவ் வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.